அட்வான்ஸ் என்றால் எந்தப் பணம்?

புதுச்சேரியில் நாங்கள் ஐந்து பேர் ஒரு ஓட்டல் குழுமத்தின் ஆவணங்களைத் தமிழாக்கினோம். இணையதளம் ஒருவருக்கு, வரவேற்பறைப் படிவங்கள் ஒருவருக்கு, ஊழியர் கையேடும் தீ எச்சரிக்கைப் பலகைகளும் மற்றவர்களுக்கு. எல்லாரும் ஒரே சொல்லைப் போட வேண்டும் என்று முதல் நாளே ஒரு எக்செல் தாளைத் திறந்தோம். இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்ச் சொல். செய்த முதல் தவறு அந்தத் தாள்தான்.

அட்வான்ஸ், டெபாசிட் இரண்டுக்கும் நேராக 'முன்பணம்' என்று எழுதிவிட்டோம். ஓட்டலில் இவை இரண்டு வேறு பணம். அறை பதிவு செய்யும்போது கட்டுவது பில்லில் கழியும். விருந்தினர் வராமல் போனால் திரும்பக் கிடைக்காது. அறைக்குள் நுழையும்போது சேதத்துக்கு ஈடாக வாங்கி வைப்பது, காலி செய்யும்போது கைக்குத் திரும்பும். எங்கள் இணையப் பக்கம் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்றது. வரவேற்பறைப் படிவம் 'முன்பணம் திருப்பித் தரப்படும்' என்றது. கடலூர்க் கிளையில் ஒருவர் இரண்டையும் மேசைமேல் வைத்து, இதில் எது நிஜம் என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மூரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் காலி செய்யும்போது திரும்ப வாங்குவதுதானே வழக்கம்.

அதன்பிறகு சொல்லுக்கு ஒரு வரி என்பதை விட்டு, பொருளுக்கு ஒரு பதிவு என்று மாற்றினோம். இந்தப் பணத்தை எப்போது வாங்குகிறார்கள், கடைசியில் அது என்ன ஆகிறது என்று முதலில் இரண்டு வரி. அடுத்து ஏற்ற தமிழ்ச் சொல், எந்த ஆவணத்தில் அது வருகிறது, எந்தச் சொல்லைப் போடவே கூடாது. முதல் பணம் 'முன்பதிவுத் தொகை' ஆனது. இரண்டாவதற்கு ஒருவர் 'பிணைத்தொகை' என்றார். கோர்ட்டு வாசனை அடிக்கிறது என்று நான் மறுத்தேன். விருந்தினருக்குத் தெரிந்த 'டெபாசிட் தொகை'யே நிலைத்தது. முன்பணம், அட்வான்ஸ் இரண்டும் தடைப் பட்டியலுக்குப் போயின. என்னைக் கேட்டால், ஏற்ற சொல்லைவிடத் தடைச் சொல்தான் அதிக வேலை செய்கிறது.

அடுத்த தவறு, அகராதியில் இருப்பதுபோல் முழுச் சொல்லாகவே பதிவது. பட்டியலில் உள்ள சொல் வாக்கியத்தில் வந்திருக்கிறதா என்று மொழிபெயர்ப்பு மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. 'கட்டணம்' என்று பதிந்துவிட்டு வாக்கியத்தில் 'கட்டணத்தை' என்று எழுதினால், சொல் விடுபட்டது என்று எச்சரிக்கும். பத்துப் பக்கத்துக்குள் இப்படிப் பொய் எச்சரிக்கை குவிந்தால் யாரும் அந்தப் பட்டியலைத் திறக்க மாட்டார்கள். நிஜத் தவறும் அதிலேயே புதைந்துபோகும். மெமோக்யூ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் `கட்டண|ம்` என்று கோடு போட்டுப் பதியலாம். கோட்டுக்கு முன்னால் இருப்பது மாறாது, பின்னால் இருப்பது மாறலாம். உகரத்தில் முடியும் சொற்களில் கவனம் வேண்டும். கணினிக்கு உகரக் குறி தனி எழுத்து என்பதால் 'வரவேற்பு' என்பதன் நீட்சியாக 'வரவேற்பில்' அதற்குத் தெரியாது. பகரத்துக்கு அடுத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும். அதற்காகச் சின்னச் சொல்லையெல்லாம் வெட்டத் தொடங்கினால் 'அறை' என்ற பதிவு 'அறைகூவல்' வரைக்கும் பிடிக்கும். அப்படிப்பட்டவற்றை வேற்றுமை வடிவங்களோடு தனித்தனியே சேர்ப்பது மேல்.

நடை விதிகளில் 'எளிய தமிழில் எழுதவும்' என்று ஒரு வரி வைத்திருந்தோம். ஐந்து பேருக்கும் அது ஐந்து விதமாகப் புரிந்தது. சரி, தவறு இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் விதி வேலை செய்யும். '12 மணிக்குள்' தவறு, 'பகல் 12 மணிக்குள்' சரி. 'முதல் தளம்' தவறு, 'முதல் மாடி' சரி. பிரெஞ்சுக்காரருக்கும் நமக்கும் முதல் மாடி என்பது தரைக்கு மேலே இருப்பது; அமெரிக்கருக்குத் தரைத்தளமே முதல் தளம். தீ எச்சரிக்கைப் பலகையில் இந்தக் குழப்பத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. விருந்தினருக்கு 'ஒப்படையுங்கள்', ஊழியர் கையேட்டில் 'ஒப்படைக்கவும்' என்பதையும் இப்படியே ஜோடியாக எழுதி வைத்தோம்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று தப்பியது. மொழிபெயர்த்த வாக்கியங்களை ஆங்கிலத்தோடு ஜோடியாகச் சேமித்து வைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம், சொற்பட்டியலைத் திருத்தினால் தானாகத் திருந்திவிடாது. மாற்றத்துக்கு முன்பு சேமித்த 'முன்பணம்' வாக்கியங்கள் அங்கேயே கிடந்தன. புதிய கிளைக்கான படிவத்தில் அதே ஆங்கில வாக்கியம் வந்ததும், நூறு சதவீதப் பொருத்தம் என்று பழைய தமிழ் தானாக வந்து உட்கார்ந்தது. நூறு சதவீதம் என்றால் யாரும் படிப்பதில்லை, நானும்தான். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தபோதுதான் கண்ணில் பட்டது. அன்று மாலையே நினைவகத்தில் தடைச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன். 'முன்பணம்' மட்டும் பதினேழு இடத்தில் இருந்தது.