சிம் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் ஏன் பலிப்பதில்லை: டர்பன் வீட்டுக் கேமராவை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பார்க்கும் வழி

டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டுக்கு ஃபைபர் வரவில்லை. சிம் போட்ட ரூட்டர்தான் இணையம் தருகிறது. அங்குள்ள கேமராப் பதிவுப்பெட்டியை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. பெட்டியின் முகவரி 192.168.8.50, போர்ட் 8000. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் விதி சரியாகவே இருந்தும் வெளியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் விதியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதுவதற்கு முன் கீழே உள்ள சோதனையைச் செய்ய வேண்டும்.

முதலில் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் WAN IP என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரூட்டரில் இணைந்த கணினியில் இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

```
curl -4 ifconfig.me
```

இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் முகவரி உங்களுடையது; கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பெரியம்மா வீட்டில் ரூட்டர் 100.72 என்று தொடங்கும் எண்ணைக் காட்டியது. கட்டளை முற்றிலும் வேறோர் எண்ணைத் தந்தது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடையே பகிர்ந்து பயன்படுத்துவதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. சில மொபைல் நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் தருகின்றன. ஆனால் 100 என்று தொடங்குவதெல்லாம் பகிர்ந்த முகவரி அல்ல; இரண்டாவது எண் 64-க்கும் 127-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். WAN IP 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் வீட்டிலேயே ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் மாட்டப்பட்டிருக்கும். அதை நீங்களே சரிசெய்யலாம்.

பகிர்ந்த முகவரியில் நடப்பது இதுதான். கதவு எண் எழுதாமல் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வரும் கடிதத்தைப் போல, வெளியிலிருந்து வரும் இணைப்பு மொபைல் நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்து வெளியே போன இணைப்புகளை மட்டுமே அந்தக் கருவி நினைவில் வைத்திருக்கிறது. தானாக வரும் இணைப்பை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் எழுதிய விதியோ அதற்கு அப்பால், உங்கள் ரூட்டரில் இருக்கிறது. இணைப்பு அதுவரை வந்து சேர்வதே இல்லை. டைனமிக் டிஎன்எஸ் வைத்தாலும் அந்தப் பொது முகவரிக்குத்தான் பெயர் கிடைக்கும் என்பதால் பயனில்லை.

சோதிக்கும்போது கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடி WAN IP எண்ணைத் தட்டினால், பல ரூட்டர்கள் அந்த இணைப்பை உள்ளேயே திருப்பிவிட்டுக் கேமராவைக் காட்டிவிடும். விதி வேலை செய்கிறது என்று பலரும் நம்பிவிடுவது இதனால்தான்.

மொபைல் நிறுவனத்திடம் பொது முகவரி தரும் ஏபிஎன் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தாலும், பழைய கேமராப் பெட்டியை உலகமே தட்டிப் பார்க்கும்படி வைப்பதை நான் விரும்புவதில்லை. வீட்டிலிருந்தே வெளிநோக்கி இணைப்பை எழுப்பும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருள்தான் என் தேர்வு. கைப்பேசியிலும், வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் அதை நிறுவி, அந்தக் கணினியில் இவற்றை இயக்குங்கள்:

```
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee -a /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
sudo tailscale up --advertise-routes=192.168.8.50/32
```

பிறகு டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் அந்த வழித்தடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் கேமரா மட்டும் திறக்காது. முழு 192.168.8.0/24 வலையையும் அறிவிக்காமல் /32 என்று ஒற்றை முகவரியை அறிவிப்பதற்குக் காரணம் உண்டு: நீங்கள் இருக்கும் இடத்து ரூட்டரும் அதே 192.168.8 வரிசையைப் பயன்படுத்தினால் இரண்டு வலைகளும் மோதிக்கொள்ளும். இனிக் கேமராச் செயலியில் வழக்கமான 192.168.8.50 முகவரியையே கொடுங்கள். பழைய போர்ட் ஃபார்வர்டிங் விதியை அழித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100 என்றே தொடங்குகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் அதே ஒதுக்கீட்டிலிருந்து எடுத்ததுதான். ஆகவே முதல் சோதனையில் ரூட்டர் பக்கத்தில் உள்ள எண்ணை மட்டுமே பாருங்கள். படம் தடுமாறுகிறது என்றவர்கள், கேமராவைத் திறந்து வைத்தபடியே ராஸ்பெர்ரி பையில் `tailscale status` இயக்கிப் பார்க்கலாம். direct என்றால் இரு முனைகளும் நேரடியாகப் பேசுகின்றன. Relay என்றால் இடைச் சேவையகம் வழியாகப் போகிறது. சில மொபைல் வலைகளில் நேரடி இணைப்பு அமையவே அமையாது. அப்போது கேமராச் செயலியில் குறைந்த தரத்துக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். சிம்மில் உள்ள டேட்டாவும் மிஞ்சும்.