கடலடிக் கேபிளில் நான் செய்த தவறுகளை மறுபடி செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு புதுப் பொறியாளர் தன் முதல் பழுது நீக்க அறிக்கையை என் மேசையில் வைத்தார். கேபிளை வெட்டி எடுத்த இடம் ஒரு புள்ளி, ஒட்டுப்போட்டு இறக்கிய இடம் இன்னொரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் அதே கோட்டை நானும் இழுத்தேன்.

வானிலை பார்க்காமல் கிளம்புவது, பழைய வரைபடத்தை வைத்து வேலை செய்வது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. கப்பலில் யாராவது ஒருவர் அதைக் கவனித்துவிடுவார். யாரும் கவனிக்காமல் நழுவுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன், கேபிள் எப்படி இறங்குகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு ஆய்வுக் கப்பல் போய் பாதை முழுக்கக் கடலடியை ஒலியால் படமெடுக்கும். அப்புறம் கொக்கிகள் கட்டிய சங்கிலியைப் பாதையில் இழுத்து, கிழிந்த வலை, இரும்புக் கயிறு போன்ற குப்பைகளை வாரி எடுப்பார்கள். பிறகுதான் கேபிள் கப்பல் வரும். ஆழ்கடலில் கேபிள் தோட்டத்து ரப்பர் குழாய் அளவுதான் இருக்கும். அதைத் தரையில் சும்மா விட்டுக்கொண்டே போகலாம். ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் இரும்புக் கம்பி சுற்றிய கனமான கேபிளைக் கலப்பையால் புதைக்க வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கலப்பையைக் கப்பல் ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக இழுத்துப் போகும். கொழு மண்ணைப் பிளக்க, அதன் வழியாகக் கேபிள் பள்ளத்துக்குள் இறங்கும். வழக்கமான இலக்கு ஒரு மீட்டர் ஆழம்.

தடைக்காலத்தில் பார்த்துவிட்டு ‘மீன்பிடிப்பு குறைவு’ என்று எழுதுவது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடல் அமைதியாகவும் ஆள் அரவமில்லாமலும் இருப்பதால் ஆய்வுக்கு வசதியான நேரம் அது. அந்த வசதியில்தான் இந்தத் தவறு நடக்கிறது. இரண்டு வாரம் கடலில் இருந்தோம், நான்கு படகுகளைத்தான் பார்த்தோம் என்று அறிக்கை போய்விடும். அதை வைத்து யாரோ ஒருவர் கேபிளின் கவசத்தை ஒரு படி குறைப்பார், புதைக்கும் நீளத்தையும் குறைப்பார். ஜூன் 15 காலையில் காசிமேட்டில் போய் நின்று பாருங்கள், கதை வேறு.

படகுகளை எண்ணவே தேவையில்லை. ஆய்வின்போது எடுத்த பக்கவாட்டு ஒலிப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரையோடு இழுத்துப் போகும் வலையான இழுவை மடியின் வாயை விரித்து வைக்கும் இரண்டு பலகைகளும் தரையில் கீறிக்கொண்டே போகும். சேற்றுத் தரையில் அந்தக் கீறல்கள் ஜோடி ஜோடியாக, மாட்டு வண்டித் தடம் மாதிரி தெரியும். தடம் இருந்தால் படகும் வரும்.

ஏ.ஐ.எஸ். திரையை மட்டும் நம்புவது

கப்பல்கள் ரேடியோவில் அறிவிக்கும் இருப்பிடத்தைத்தான் அந்தத் திரை காட்டும். அந்தக் கருவி இல்லாத சின்னப் படகுகள் அதில் வராது.

நேர்கோடு

இனி என் கதை. பெயர்கள் வேண்டாம். வங்கக் கடல், ஐம்பது மீட்டர் ஆழம். இழுவை மடியின் பலகை மாட்டிக் கேபிள் நசுங்கியிருந்தது. கரை நிலையத்திலிருந்து கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளித்துடிப்பு அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துப் பழுது எத்தனை கிலோமீட்டரில் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் போய்க் கொக்கி போட்டு வெட்டி, ஒரு முனையைத் தூக்கிச் சோதித்து, அடைத்து மிதவையில் கட்டினோம். மறு முனையைத் தூக்கி, நசுங்கிய பகுதியைக் கழித்துவிட்டு, கையிருப்புக் கேபிளை ஒட்டினோம். அதை விட்டுக்கொண்டே மிதவைக்கு வந்து, இரண்டு முனைகளையும் கப்பலின் மேல்தளத்தில் வைத்துக் கடைசி ஒட்டைப் போட்டோம். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு முனையும் மேல்தளத்துக்கு வந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு பக்கமும் தரையிலிருந்து கடல் மட்டத்துக்கு ஐம்பது மீட்டர், அங்கிருந்து தளத்துக்குப் பத்து மீட்டர், தளத்தின் மேல் கேபிளை ஒட்டும் அறை வரைக்கும் நாற்பது மீட்டர் என்று நூறு மீட்டர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு மீட்டர். ஆனால் கேபிள் தரையை விட்டு எழும் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது அறுபது மீட்டர்தான். மீதி நூற்று நாற்பது மீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது? அப்படியே கீழே விட்டால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும், இழை உடையும். அதனால் கப்பலைப் பாதைக்குக் குறுக்கே பக்கவாட்டில் நகர்த்தி, ஒரு வளைவாகப் படுக்க வைப்போம். நாங்கள் பைட் என்று சொல்வது அதைத்தான். முக்கோணமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வளைவின் முனை பழைய கோட்டிலிருந்து ஏறத்தாழ 95 மீட்டர் தள்ளி நிற்கும். புது ஒட்டும் அந்த முனைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும்.

அது புதைந்தும் இருக்காது. பழுது பார்க்கும் இடத்துக்குக் கலப்பை வராது. ஆர்.ஓ.வி. என்ற, கப்பலிலிருந்தே இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி இறங்கி, நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்த வேண்டும். எங்களுக்கு அன்று அலை ஏறிக்கொண்டிருந்தது. ‘அடுத்த சீசனில் புதைத்துக்கொள்ளலாம்’ என்றார்கள். அதைக்கூட மன்னிக்கலாம், கடல் நம் பேச்சைக் கேட்காது. ஆனால் நான் அறிக்கையில் இரண்டு புள்ளிகளைப் போட்டு நேர்கோடு இழுத்தேன். ‘புதைக்கப்பட்டது’ என்ற பழைய குறிப்பையும் அப்படியே விட்டுவிட்டேன். மீனவர்களுக்குக் கொடுக்கும் தாளும் அந்தக் கோட்டோடுதான் போனது.

நான்கு மாதம் கழித்து அதே இடத்தில் கேபிள் மறுபடி அறுந்தது. துறைமுகத்தில் அந்த விசைப்படகின் டிரைவரைப் பார்த்தேன். நான் சத்தம் போடத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னைச் சுக்கான் அறைக்குள் கூட்டிப்போய் ஜி.பி.எஸ். திரையைக் காட்டினார். எங்கள் கோடு அதில் சிவப்பில் இருந்தது. அவர் படகு போன தடம் அதிலிருந்து விலகி, கோட்டைத் தொடாமல் அழகாக ஓடியிருந்தது.

“நீங்க குடுத்த கோட்டத்தான் சார் போட்டு வச்சிருக்கேன். அது மேல நான் போகவே இல்லியே?”

போகவில்லைதான். அவர் மடி போனது என் வளைவின் மேல்.

நேர்கோடு அதோடு விடவில்லை. அடுத்துப் பழுது பார்க்க வந்த கப்பல் என் அறிக்கையை நம்பி, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொக்கியை மூன்று முறை இழுத்தது. வந்ததெல்லாம் சேறு. ஒரு நாள் போயிற்று. அதோடு, நான் கூடுதலாக விட்ட நூற்று நாற்பது மீட்டரைக் கேபிள் நீளக் கணக்கில் சேர்க்காததால், ஒட்டுக்கு அப்பால் எங்கே பழுது வந்தாலும் கரையிலிருந்து அளக்கும் தூரம் வரைபடத்தோடு பொருந்தவில்லை. அந்தப் பிசகு நான் வேறு கப்பலுக்கு மாறிய பிறகும் அங்கேயே இருந்தது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் இதை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். கேபிள் தரையைத் தொடும் இரண்டு புள்ளிகள், வளைவின் முனை, ஒட்டு என்று குறைந்தது நான்கு இடங்களைக் குறியுங்கள். கப்பல் நின்ற இடத்தைக் குறிக்காதீர்கள், கேபிள் கிடக்கும் இடத்தைக் குறியுங்கள். ஆர்.ஓ.வி. இறங்கினால் அதிலிருந்தே எடுங்கள். கூடுதல் நீளத்தைப் பட்டியலில் சேருங்கள். புதைக்காத பகுதிக்கு நேரே ‘புதைக்கவில்லை’ என்று வெட்கப்படாமல் எழுதுங்கள். டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகத்துக்குப் போகும் தகவலிலும், மீனவர் சங்கத்துக்குப் போகும் தாளிலும் அந்த வளைவு வளைவாகவே இருக்கட்டும்.

‘ஒரு மீட்டர் புதைத்தாயிற்று, நங்கூரம் ஒன்றும் செய்யாது’

செய்யும். ஒரு மீட்டர் என்பது பெரும்பாலும் இழுவை மடிக்காகப் போட்ட கணக்கு. மடியின் பலகை மணலில் சில சென்டிமீட்டர் கீறும், இளகிய சேற்றில் ஒரு சாண் அளவு இறங்கலாம். சரக்குக் கப்பலின் பல டன் நங்கூரமோ தரையைத் தோண்டிப் பிடித்துக்கொள்வதற்கென்றே செய்தது. கெட்டி மணலில் அது அவ்வளவு ஆழம் இறங்காது. சேற்றில் அதன் நாக்கு பல மீட்டர் உள்ளே போகும், வழக்கமான கலப்பை அவ்வளவு ஆழம் புதைக்காது. நங்கூரத்துக்கு மருந்து பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் காத்துக்கிடக்கும் இடத்திலிருந்து பாதையை ஒதுக்கிக் கொண்டுபோக வேண்டும். 2012 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த ஒரு கப்பல் தடை செய்த இடத்தில் நங்கூரம் போட்டு, டீம்ஸ் என்ற தொலைத்தொடர்பு கேபிளை அறுத்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு நினைப்பும் உண்டு: எண்பது, நூறு மீட்டர் ஆழத்தில் யார் நங்கூரம் போடப்போகிறார்கள்? வேண்டுமென்று போட மாட்டார்கள்தான். ஆனால் பூட்டு சரியாக விழாமல், பிரேக் நழுவி, சங்கிலி தானாக ஓடினால்? சங்கிலியை ஷேக்கிள் என்ற துண்டுகளாக எண்ணுவார்கள், ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். பெரிய கப்பலில் ஒரு பக்கத்துக்குப் பத்துக்கு மேல் இருக்கும், அதாவது முந்நூறு மீட்டர் வரை எட்டும். 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்து வளைகுடாவில் ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தைப் பல பத்து கிலோமீட்டர் இழுத்துப் போனது என்று விசாரணையில் சொன்னார்கள். ஒரு மின் கேபிளும் நான்கு தொலைத்தொடர்பு கேபிள்களும் சேதமாயின. அறுந்து விழுந்த நங்கூரத்தைப் பிறகு ஏறத்தாழ எண்பது மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள்.

நங்கூரத்தை யாரும் இழுக்கவேகூட வேண்டாம். 2008 பிப்ரவரியில் துபாய்க்கும் ஓமனுக்கும் நடுவே ஃபால்கன் என்ற தொலைத்தொடர்பு கேபிள் அறுந்தபோது, பழுது பார்க்கப் போனவர்கள் அந்த இடத்தில் கண்டது யாரோ கைவிட்டுப்போன ஐந்தாறு டன் நங்கூரம்.

கேபிளில் மாட்டிய மடியை விசை வைத்துத் தூக்கச் சொல்வது

சொல்லாதீர்கள், படகு கவிழும். மடியை வெட்டிவிட்டு, இடத்தைக் குறித்து, மீனவர் தாளில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். கவனமாக இருந்தும் மாட்டி, கேபிளைக் காப்பாற்ற வலையை இழந்தவருக்குக் கேபிள்காரர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1884 ஒப்பந்தத்திலிருந்தே இருக்கிறது. ஐ.நா. கடல் சட்டத்தின் 115-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இதை மீனவர் தாளின் முதல் வரியில், தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். பல தாள்களில் இது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அந்தப் புதுப் பொறியாளரின் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து புள்ளிகளோடு வந்தார். ஐந்தாவது எது என்று கேட்டேன். வெட்டிய முனையைக் கட்டிவைத்த மிதவையின் சின்ன நங்கூரம் கீழேயே தங்கிவிட்டதாம்.