பிடிஎஃப் காட்டும் பக்கமா, தாளில் அச்சான பக்கமா?

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ‘ப. 131’ என்று இருக்கும். நூலகத்தில் அதே பதிப்பை எடுத்து 131ஆம் பக்கத்தைப் புரட்டினால் அங்கே வேறு ஏதோ பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மேற்கோள் பொய்யில்லை, நூலும் அதேதான். எழுதியவர் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பைப் படித்திருக்கிறார். திரையின் மேலே சின்னப் பெட்டியில் தெரிந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டார். ஆய்வேடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது.

தாளில் எண் அச்சாகியிருந்தால் அந்த எண்ணைத்தான் தர வேண்டும். நாம் சான்று காட்டுவது ஒரு பதிப்பை, நம் கணினியில் இருக்கும் கோப்பை அல்ல. ஒரே பதிப்பை இரண்டு நூலகங்கள் ஸ்கேன் செய்தால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்றில் அட்டை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் நூலக முத்திரை குத்திய வெற்றுத்தாளும் சேர்ந்திருக்கும். பிடிஎஃப் எண் கோப்புக்குக் கோப்பு மாறும். தாளில் உள்ள எண் மாறாது.

இது தெரிந்தவர்கள் செய்யும் அடுத்த தவறுதான் ஆபத்தானது. நூலின் முதல் பக்கம் பிடிஎஃப்பில் எத்தனையாவது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அந்த வித்தியாசத்தைக் கடைசிவரை கழித்துக்கொண்டே போவார்கள். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோப்பில் முன்னட்டையும் அதன் உட்புறமும் 2, வெற்றுத்தாள் 2, தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் 2, முன்னுரை 12, பொருளடக்கம் 2. ஆக 20. நூலின் பக்கம் 1, கோப்பில் 21ஆவதாக வருகிறது. சரி, வித்தியாசம் 20. தேடிய வரி கோப்பில் 131இல் கிடைக்கிறது. 20ஐக் கழித்து ‘ப. 111’ என்று எழுதிவிடுகிறோம்.

அந்தப் படத்தின் மூலையைப் பார்த்தால் 109 என்று அச்சாகியிருக்கிறது. காரணத்தைத் தேடிப் பின்னால் போனால், 64ஆம் பக்கத்துக்குப் பிறகு வழவழப்பான தாளில் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறது. முன்புறம் படம், பின்புறம் வெறுமை. இரண்டுக்கும் எண் கிடையாது. கோப்பு அவற்றையும் எண்ணியிருப்பதால் அங்கிருந்து வித்தியாசம் 22. இன்னும் கொஞ்ச தூரம் போனால் 140, 141 இரண்டும் தவறுதலாக இருமுறை ஸ்கேன் ஆகியிருக்கின்றன. அதற்குப் பிறகு 24. இடையில் இரண்டு பக்கம் விட்டுப்போயிருந்தால் கணக்கு திரும்பவும் குறையும். கழித்தல் நம்மைச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். எழுத வேண்டிய எண் தாளின் மூலையில் இருக்கிறது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

விரித்த புத்தகத்தை இரண்டு பக்கமும் ஒரே படமாக எடுத்த கோப்புகளில் கழித்தல் இந்த அளவுக்குக்கூட உதவாது. 240 பக்க நூல் ஏறக்குறைய 120 படங்களாக இருக்கும். வரி இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்க்காமல் எண் எழுத முடியாது. வழக்கமாக இடப்புறம் இரட்டை எண், வலப்புறம் ஒற்றை எண். உங்கள் குறிப்பில் வலப்பக்க வரிக்கு இரட்டை எண் வந்திருந்தால் எங்கோ பிசகு.

பழைய தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்னுரைக்கு ஒரு வரிசை, நூலுக்கு 1இலிருந்து வேறொரு வரிசை, பின்னால் உள்ள அகராதிக்கு மறுபடியும் 1 என்று போட்டிருப்பார்கள். அப்போது வெறும் ‘ப. 12’ மூன்று இடங்களைக் குறிக்கும். ‘முன்னுரை, ப. 12’ என்று பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரோமன் எண் இருந்தால் xii என்றே எழுதுங்கள், 12 என்று மாற்ற வேண்டாம். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் பல பதிப்பகங்கள் எண்ணை அச்சிடுவதில்லை. ஆனால் கணக்கில் சேர்த்திருப்பார்கள். அடுத்த பக்கம் 46 என்றால் இது 45.

ஆய்விதழ்க் கட்டுரைகளிலும் இதே கதைதான். ஜேஸ்டோர் தளத்தில் இறக்கும் கோப்பில் முதல் பக்கமாக அந்தத் தளமே சேர்த்த விவரத்தாள் இருக்கும். கட்டுரை இதழின் 211ஆம் பக்கத்தில் தொடங்கினால் அது கோப்பில் 2. கோப்பில் 9இல் உள்ள வரிக்கு ‘ப. 218’ என்று தர வேண்டும். நூற்பட்டியலில் ‘பக். 1–24’ என்று போடுவதும் இங்கிருந்து வரும் தவறுதான். ஆசிரியர் தன் தளத்தில் ஏற்றிய முன்வரைவைப் படித்துவிட்டு, இதழின் பக்க எண்ணை ஊகித்துப் போடுவது அதைவிட மோசம். முன்வரைவைப் படித்தால் முன்வரைவையே காட்டுங்கள்.

சில மென்பொருள்கள் இரண்டு எண்ணையும் காட்டும். அக்ரோபாட்டிலோ ஃபயர்பாக்ஸிலோ 109 (131 of 340) என்பதுபோலத் தெரிந்தால், கோப்பை உருவாக்கியவர் அச்சு எண்களைத் தனியாகப் பதிந்திருக்கிறார் என்று பொருள். அடைப்புக்குறிக்குள் இருப்பது கோப்பின் கணக்கு. வெளியே இருப்பது மனிதர் கொடுத்த எண் என்பதால் அதையும் தாளோடு ஒத்துப்பார்ப்பது நல்லது. இணைய ஆவணகமான ஆர்க்கைவ் தளத்தில் முகவரியில் `page/n130` என்று வந்தால் அந்த `n` படங்களின் வரிசை எண். அதுவும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. அதை அடிக்குறிப்பில் ‘ப. 130’ என்று எழுதக் கூடாது.

கோப்பின் எண் வேண்டியிருக்கும் இடங்களும் உண்டு. இணைப்பு கொடுக்கும்போது முகவரியின் கடைசியில் `#page=131` என்று சேர்த்தால் உலாவி நேராக அங்கே திறக்கும். அங்கே கோப்பின் கணக்குதான் செல்லும், 109 போட்டால் வேறு பக்கம் திறக்கும். தட்டச்சு செய்து ஸ்கேன் செய்த கடிதக் கட்டு போன்ற, எண்ணே அச்சிடாத ஆவணங்களுக்கும் வேறு வழியில்லை. அப்போது ‘பிடிஎஃப் ப. 14’ என்று பெயர் சொல்லி எழுதி, கோப்பு எங்கே கிடைத்தது என்பதையும் குறியுங்கள். அரிய நூலுக்கு, வாசகர் கையில் அதே ஸ்கேன்தான் இருக்கும் என்று தெரிந்தால், ‘ப. 109 (பிடிஎஃப் 131)’ என இரண்டையும் தரலாம். அச்சு எண் முதலில் வரட்டும்.

பக்க எண்ணே தேவைப்படாத நூல்களும் இருக்கின்றன. சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் பாடல் எண் போதும். ‘குறுந்தொகை 40’ என்றால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடலாம். உரையாசிரியரின் வரியையோ பதிப்பாசிரியரின் குறிப்பையோ எடுத்தாளும்போதுதான் பதிப்பும் பக்கமும் வேண்டும். மதுரைத் திட்டம் போல மீண்டும் தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃப்களில் தெரியும் பக்க எண் அந்தக் கோப்புக்கே உரியது; அதை மூல அச்சுப் பதிப்பின் ஆண்டோடும் பதிப்பகத்தோடும் சேர்த்து எழுதினால் இல்லாத ஒரு பக்கத்துக்கு வாசகரை அனுப்புகிறோம். நீதிமன்றத் தீர்ப்புகளில் பத்திகளுக்கு எண் இருந்தால் பத்தி எண்ணைக் கொடுங்கள். ஒரே தீர்ப்பு நீதிமன்றத் தளத்தில் ஒரு பக்க அமைப்பிலும் சட்ட இதழில் வேறு அமைப்பிலும் இருக்கும். பத்தி எண் வழியாகத் தேடுபவர் இரண்டிலும் அந்த வரிக்குப் போய்விடலாம்.