பண்டிகைப் பலகார முன்பதிவு: அடுப்பைப் பார்த்து அறிவிப்பு எழுதுங்கள்

எத்தனை கிலோ ஆர்டர் எடுக்கலாம் என்பதை வாங்குபவர்கள் முடிவு செய்யக் கூடாது, உங்கள் வாணலி முடிவு செய்ய வேண்டும். ஒரு கிலோ காரம் பொரித்தெடுக்க 20 நிமிடம் என்றால், நாளுக்கு 6 மணி நேரத்தில் 18 கிலோ, இரண்டு நாளில் 36 கிலோ. உடைந்தது, தீய்ந்தது போக 30 கிலோவுக்கு மட்டும் பதிவு எடுங்கள். மிச்சம் கைவசம் இருக்கட்டும், எப்படியும் யாராவது கடைசியில் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு 3 கிலோ உச்சவரம்பு வைத்தால் நாலே பேர் மொத்தத்தையும் அள்ளிப் போக மாட்டார்கள்.

கடைசித் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். முந்தின நாள் விநியோகம், அதற்கு முன் இரண்டு நாள் பொரிப்பு, அதற்கும் முன் ஒரு நாள் சாமான் வாங்க. ஆகப் பண்டிகைக்கு 5 நாள் முன்பு இரவோடு பதிவு முடிய வேண்டும்.

அப்புறம், வாங்கிப்போகும் நேரம். ‘மாலையில் வரலாம்’ என்று போட்டால் எல்லோரும் ஆறு மணிக்கே வருவார்கள். பெயர் பார்த்து, பெட்டியைக் கொடுத்து, பாக்கியை வாங்க ஒருவருக்கு 4 நிமிடம் ஆகும். மணிக்கு 15 பேர் என்று கணக்கு வந்தாலும் 12 பேருக்கு மேல் வேண்டாம். பால் இனிப்பு சீக்கிரம் கெடும், அதைக் கடைசியாகச் செய்து கடைசி நேரத்துக்காரர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அறிவிப்பில் இவ்வளவு போதும்:

“காரம் மொத்தம் 30 கிலோ, ஒருவருக்கு 3 கிலோ வரை. பதிவு திங்கள் இரவு 9 மணி வரை. வெள்ளி மாலை 4-5, 5-6, 6-7, ஒன்றைக் குறிப்பிடவும். பால் இனிப்பு 6-7 மட்டும். பாதிப் பணம் வந்தால்தான் பதிவு.”