ஸ்ட்ரெக்கர் முறையில் அலனின்: ஆல்டிஹைடில் தொடங்கி அமினோ அமிலம் வரை

1850-ஆம் ஆண்டில் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் லாக்டிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார். அசிட்டால்டிஹைடும் அமோனியாவும் சேர்ந்த பொருளை ஹைட்ரோசயானிக் அமிலத்துடனும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடனும் சேர்த்துக் காய்ச்சியபோது, அதுவரை யாரும் விவரித்திராத ஒரு படிகப் பொருள் அவருக்குக் கிடைத்தது. அதற்கு அவர் அலனின் என்று பெயரிட்டார். அந்த அலனினை நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரியச் செய்து, தாம் தேடிய லாக்டிக் அமிலத்தையும் பெற்றார். அவர் கையாண்ட அதே எடுத்துக்காட்டை, அதாவது அசிட்டால்டிஹைடிலிருந்து அலனினைப் பெறுவதை, இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சோடியம் சயனைடும், அது அமிலத்தைச் சந்திக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சயனைடு வாயுவும் உயிர்க்கொல்லிகள். அந்த வாயுவுக்குக் கசப்பு வாதுமையின் மணம் உண்டு என்று நூல்கள் கூறினாலும், மக்களில் ஒரு பகுதியினரால் அந்த மணத்தை மரபணுக் காரணத்தால் உணரவே முடியாது. எனவே மூக்கை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரு மில்லியன் பங்கு காற்றில் 50 பங்கு கலந்திருந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நலக் குறிப்புகள் வரையறுக்கின்றன. கீழே உள்ள விளக்கம் வினையைத் தாளில் எழுதிப் புரிந்துகொள்வதற்கானது. இதைச் செய்து பார்க்க வேண்டியவர்கள், சயனைடைக் கையாளப் பயிற்சியும் அனுமதியும் பெற்ற ஆய்வகத்தில், நன்கு இயங்கும் ஃபியூம் ஹூடுக்குள், வாயு அளவியும் முதலுதவி ஏற்பாடும் அருகிலிருக்க, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

படி 1: கணக்கு

0.1 மோல் அளவை எடுத்துக்கொள்வோம். அசிட்டால்டிஹைடு 4.4 கிராம், சோடியம் சயனைடு 4.9 கிராம், அம்மோனியம் குளோரைடு 6.0 கிராம். கடைசியாகச் சொன்னது 0.1 மோலுக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 0.112 மோல், ஏன் அதிகமாக எடுக்கிறோம் என்பது பிறகு விளங்கும். வினை முழுமையாக நடந்தால் 8.9 கிராம் அலனின் கிடைக்க வேண்டும்.

```
CH3CHO + NH4Cl + NaCN → CH3CH(NH2)CN + NaCl + H2O
CH3CH(NH2)CN + 2 H2O + 2 HCl → CH3CH(NH3Cl)COOH + NH4Cl
```

ஸ்ட்ரெக்கர் ஹைட்ரோசயானிக் அமிலத்தையே நேரடியாகப் பயன்படுத்தினார். சயனைடு உப்பையும் அம்மோனியம் குளோரைடையும் சேர்த்து, தேவையான அமோனியாவையும் ஹைட்ரஜன் சயனைடையும் குடுவைக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளும் மாற்றத்தை 1906-இல் செலின்ஸ்கியும் ஸ்டாட்னிகாஃபும் அறிமுகப்படுத்தினர். மேலே உள்ள சமன்பாடு அவர்கள் வழியில் அமைந்தது.

படி 2: அமினோநைட்ரைல் உருவாதல்

முழுத் தயாரிப்பிலும் கவனத்துக்கு மிகவும் உரிய பகுதி இதுதான். அசிட்டால்டிஹைடு சுமார் 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; ஆகவே அதைப் பனிக்கட்டித் தொட்டியில் குளிர்வித்தே பயன்படுத்த வேண்டும். அம்மோனியம் குளோரைடின் நீர்க்கரைசலுடன் அதைச் சேர்த்து, சயனைடுக் கரைசலைத் துளித்துளியாக, வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டாதபடி கலக்கிக்கொண்டே சேர்ப்பது வழக்கம். வினை வெப்பத்தை வெளிவிடுவதால், அவசரப்பட்டால் ஆல்டிஹைடும் ஆவியாகும், ஹைட்ரஜன் சயனைடும் ஆவியாகும். பின்னதன் கொதிநிலையும் ஏறத்தாழ 26 டிகிரிதான்.

குடுவைக்குள் நடப்பதைப் பார்ப்போம். அமோனியாவின் நைட்ரஜன் தன் தனித்த இரட்டை எலக்ட்ரானைக் கொண்டு ஆல்டிஹைடின் கார்பனைத் தாக்குகிறது. பின்னர் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு கொண்ட இமின் உருவாகிறது. இமின் ஒரு புரோட்டானை ஏற்று இமினியமாக மாறும்போது அதன் கார்பனில் எலக்ட்ரான் பற்றாக்குறை கூடுகிறது. சயனைடு அயனி அந்தக் கார்பனைத் தாக்கி அமினோநைட்ரைலைத் தருகிறது.

இங்கே கரைசலின் pH தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கரைசல் அமிலத்தன்மை பெற்றால் அமோனியா முழுவதும் அம்மோனியம் அயனியாகிவிடும். தாக்குவதற்குத் தனித்த இரட்டை எலக்ட்ரான் இருக்காது, சயனைடும் வாயுவாக வெளியேறும். மிகவும் காரமானால் இமினைச் செயலூக்கப்படுத்தப் புரோட்டான் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு இயற்கையே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது: அம்மோனியம் அயனியின் pKa மதிப்பும் ஹைட்ரஜன் சயனைடின் pKa மதிப்பும் இரண்டுமே ஏறத்தாழ 9.2. அதனால் அம்மோனியம் குளோரைடையும் சோடியம் சயனைடையும் சம மோல் அளவில் கரைத்தால் pH தானாகவே 9.2-ஐ ஒட்டி நிற்கும். அந்த நிலையில் அமோனியா, அம்மோனியம், சயனைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகிய நான்கும் கணிசமான அளவில் ஒருங்கே இருக்கும். தாக்குவதற்கு அமோனியாவும் சயனைடும், புரோட்டானை வழங்க அம்மோனியமும் தயாராக இருக்கும் இந்தக் கலவையில் தனியாக எந்தத் தாங்கல் கரைசலும் தேவைப்படுவதில்லை. ஆனால் சயனைடில் ஏறத்தாழ பாதி ஆவியாகக்கூடிய வடிவில் இருக்கிறது என்பதும் இதே கணக்கின் மறுபக்கம். கரைசல் காரத்தன்மையோடுதானே இருக்கிறது என்று அலட்சியமாக இருப்பது ஆபத்தானது.

அம்மோனியம் குளோரைடைக் கூடுதலாக எடுப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சயனைடு அயனி ஆல்டிஹைடையே நேரடியாகத் தாக்கிச் சயனோஹைட்ரினையும் தரும். அது மீள்வினை என்பதால், அமோனியா போதுமான அளவில் இருந்து கலவையைச் சில மணி நேரம் விட்டுவைத்தால் சயனோஹைட்ரின் மெல்லப் பிரிந்து அமினோநைட்ரைலாக மாறிவிடும். அமோனியா பற்றாமல் போனாலோ, நேரம் போதாமல் அடுத்த படிக்குச் சென்றாலோ, மீந்த சயனோஹைட்ரின் நீராற்பகுப்பில் லாக்டிக் அமிலமாகிவிடும். இரண்டாவது, உருவான அமினோநைட்ரைலிலும் ஓர் அமின் தொகுதி இருப்பதால், அமோனியா குறைவாக இருக்கும் இடத்தில் அதுவே இன்னோர் ஆல்டிஹைடு மூலக்கூறைத் தாக்கும். அப்போது ஒரே நைட்ரஜனில் இரு நைட்ரைல் கிளைகள் கொண்ட இமினோ டைநைட்ரைல் உருவாகும். இந்தத் துணை விளைபொருளைப் பிற்பாடு அலனினிடமிருந்து பிரிப்பது பெரும் தொல்லை.

படி 3: நைட்ரைலின் நீராற்பகுப்பு

நைட்ரைலைக் காரத்தைக் கொண்டும் நீராற்பகுக்கலாம் என்று பாடத்தில் படித்த மாணவர், இங்கும் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்கலாமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமினோநைட்ரைலைக் காரத்தில் சூடாக்கினால், அமின் நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான் மீண்டும் கார்பனை நோக்கி இறங்கி, சயனைடை வெளியே தள்ளிவிடும். அதாவது படி 2 பின்னோக்கி நடக்கும். அமிலத்தில் அந்த எலக்ட்ரான் இணை புரோட்டானைப் பற்றிக்கொள்வதால் சயனைடை வெளியேற்ற அதனால் இயலாது. அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

அமிலம் சேர்க்கும் கணம்தான் மொத்தத் தயாரிப்பிலும் அதிக ஆபத்தானது. வினையில் ஈடுபடாமல் எஞ்சிய சயனைடு முழுவதும் அப்போது வாயுவாக வெளிவரும். ஆகவே குடுவையிலிருந்து வெளியேறும் வாயு முழுவதும், காரத்தன்மையுள்ள ஹைப்போகுளோரைட்டுக் கரைசல் நிரப்பிய கழுவிகளின் வழியாகச் செல்லும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். அமிலத்தைக் குளிர்நிலையில், மிக மெதுவாகச் சேர்க்க வேண்டும். சயனைடு கலந்த கழிவும் காரநிலையிலேயே ஹைப்போகுளோரைட்டால் ஆக்சிஜனேற்றப்பட வேண்டும். அமிலக் கழிவுப் பாத்திரத்தில் அதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

நீராற்பகுப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நைட்ரைலின் நைட்ரஜன் புரோட்டானை ஏற்க, நீர் கார்பனைத் தாக்க, முதலில் அமைடு உருவாகிறது. இதற்கு அதிகச் சூடு தேவையில்லை. அமைடு அமிலமாக மாறுவதுதான் மெதுவானது. அதற்கு 6 மோலார் அளவுள்ள அமிலத்தில் பல மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்ய வேண்டும். இரண்டாம் நைட்ரஜன் அம்மோனியம் குளோரைடாக வெளியேறும்போது வினை முடிகிறது.

முடிந்ததா என்பதை மெல்லடுக்கு நிறப்பிரிகையால் அறியலாம். பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் மூன்றும் 4:1:1 என்ற விகிதத்தில் கலந்த கரைப்பானில் தகட்டை ஏற்றி, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால், அலனின் ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும். தூய அலனினை அருகிலேயே வைத்து ஒப்பிட வேண்டும். அதனுடன் ஒத்துப்போகாத இன்னொரு புள்ளி தெரிந்தால் அமைடு எஞ்சியிருக்கக்கூடும், காய்ச்சலைத் தொடர வேண்டும். குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து நின்ஹைட்ரின் சேர்த்து, ஊதா வந்துவிட்டது என்று மகிழ்வது பயனற்றது. அமோனியாவும் அதே ஊதாவைத் தரும், அம்மோனியம் உப்போ குடுவையில் நிறைய இருக்கிறது.

படி 4: உப்பிலிருந்து அலனினைப் பிரித்தல்

தொடக்கநிலையாளர்கள் வினையை ஒழுங்காக நடத்திவிட்டு இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நம் கணக்கின்படி, எல்லாம் முழுமையாக நடந்து கரைசலை வற்றவைத்தால் குடுவையில் எஞ்சுவது 12.6 கிராம் அலனின் ஹைட்ரோகுளோரைடும், 5.8 கிராம் சோடியம் குளோரைடும், ஏறத்தாழ 6.0 கிராம் அம்மோனியம் குளோரைடும் ஆகும். மொத்தம் 24 கிராமுக்கு மேல் ஒரு வெண்ணிறத் திண்மம். அதில் கிட்டத்தட்டப் பாதி வெறும் உப்பு. எடை போட்டபோது விளைச்சல் நூறு சதவீதத்தைத் தாண்டினால் காரணம் இதுவே.

சமமின்புள்ளிக்கு pH-ஐக் கொண்டுவந்தால் அமினோ அமிலம் வீழ்படிவாகும் என்ற பொது விதியும் அலனினுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. அதன் சமமின்புள்ளி 6.0 என்பது உண்மை. ஆனால் அந்த நிலையிலும் 100 மில்லிலிட்டர் நீரில் 16 கிராமுக்கு மேல் கரைந்தே நிற்கும். ஆகையால் எத்தனாலின் துணையை நாட வேண்டும். வற்றிய திண்மத்தை எத்தனாலில் கலக்கினால் அலனின் ஹைட்ரோகுளோரைடு கரையும்; உப்புகள் பெரும்பாலும் கரையாமல் தங்கும். அவற்றை வடிகட்டி நீக்கி, வடிநீரில் பிரிடின் போன்ற ஒரு காரத்தைச் சேர்த்தால் அலனின் தன் இரட்டை அயனி வடிவுக்குத் திரும்பும். அந்த வடிவம் எத்தனாலில் கரையாது என்பதால் வெண்படிகமாகக் கீழே இறங்கும். பிரிடின் ஹைட்ரோகுளோரைடு எத்தனாலிலேயே நின்றுவிடும். எத்தனால் வழியை விரும்பாதவர்கள் நேர்மின் அயனிப் பரிமாற்ற ரெசினில் அலனினைப் பிடித்து, நீரால் கழுவி, நீர்த்த அமோனியாவால் இறக்கிக்கொள்ளலாம்.

கிடைத்த படிகத்தில் ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெண்ணிற வீழ்படிவு வந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். நீரிலும் எத்தனாலிலும் மறுபடிகமாக்க வேண்டும்.

படி 5: இடமா, வலமா

இமினியத்தின் கார்பன் தட்டையானது. சயனைடு அதை மேலிருந்தும் கீழிருந்தும் சம வாய்ப்போடு தாக்குவதால், L வடிவமும் D வடிவமும் சரிபாதியாகக் கலந்த சுழிமாய்க் கலவையே கிடைக்கும். 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தூய L-அலனினின் ஒளிச்சுழற்சி சுமார் +14 பாகை. நம்முடைய பொருளை அளந்தால் சுழி வரும். வேறு எண் வந்தால் கருவியையோ கரைசலையோ சந்தேகிக்க வேண்டும்.

L வடிவம் மட்டும் தேவைப்பட்டால், கலவையை முதலில் அசிட்டைலேற்றம் செய்து அமினோஅசிலேஸ் என்ற நொதியிடம் கொடுக்கிறார்கள். அந்த நொதி L வடிவத்தின் அசிட்டைல் தொகுதியை மட்டும் வெட்டும். D வடிவத்தைத் தொடாது. வெட்டப்பட்டதையும் வெட்டப்படாததையும் கரைதிறன் வேறுபாட்டால் பிரித்து, D பகுதியைச் சூடாக்கி மீண்டும் சுழிமாய்க் கலவையாக்கி அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடலாம். ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனம் இந்த நொதியை ஒரு தாங்குபொருளில் நிலைநிறுத்தி, 1969 முதல் தொழிற்சாலை அளவில் இவ்வாறு L-அமினோ அமிலங்களைப் பிரித்தெடுத்தது.