38 வயதில் வெளிநாட்டு முதுகலை: விண்ணப்பத்தில் அனுபவம் எங்கே வீணாகிறது?

முப்பதுகளின் பின்பாதியில் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ முதுகலை படிக்க விண்ணப்பிப்பவர்களின் நோக்க அறிக்கைகளில் இரண்டு வகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று மன்னிப்புக் கேட்கும்: "இந்த வயதிலும் எனக்குக் கற்கும் ஆர்வம் குறையவில்லை." இன்னொன்று பதவியைக் காட்டி மிரட்டும்: "15 ஆண்டு அனுபவம், 40 பேர் கொண்ட குழு, மூன்று நாடுகளில் பொறுப்பு." இரண்டும் எடுபடுவதில்லை. தேர்வுக் குழு வயதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று விஷயங்கள்: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது, இவ்வளவு காலம் கழித்து இவரால் தேர்வும் ஆய்வுக் கட்டுரையும் எழுத முடியுமா? அனுபவம் இந்த மூன்றுக்கும் பதிலாக வந்தால்தான் பலம்.

பேச வசதியாக ஒரு மாதிரி விண்ணப்பதாரரை வைத்துக்கொள்வோம். வயது 38. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா, இரண்டாண்டு தேசிய சேவை, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முடித்த பொறியியல் பட்டம். அதில் கிடைத்தது இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை. இப்போது கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மூத்த மேலாளர். பிரிட்டனில் கட்டட எரிசக்தி தொடர்பான ஓராண்டு முதுகலைக்கு விண்ணப்பிக்கிறார்.

ஆண்டுக் கணக்கைக் காட்டுவது

இவர் முதலில் எழுதியது இப்படி இருக்கும்: "கடந்த 14 ஆண்டுகளாகப் பல அலுவலகக் கட்டடங்களின் குளிரூட்டு அமைப்புகளை வெற்றிகரமாக நிர்வகித்து, கணிசமான மின்சாரத்தை மிச்சப்படுத்தியுள்ளேன்." இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதே துறையில் இருக்கும் எவரும் இதே வாக்கியத்தைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளலாம். "பல", "வெற்றிகரமாக", "கணிசமான" என்று மூன்று சொற்கள் இருந்தும் படிப்பவருக்குத் தகவல் ஒன்றும் கிடைக்கவில்லை.

14 ஆண்டுகளையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு வேலையை எடுத்து விரிக்கச் சொன்னால் அறிக்கை மாறிவிடும். ஓர் அலுவலகக் கட்டடம். அதைக் குளிரூட்டும் சில்லர் அமைப்பு முழுவதும் ஒரு டன் குளிர்ச்சிக்கு 0.85 கிலோவாட் எடுத்துக்கொண்டிருந்தது. இவருடைய குழு பழைய பம்புகளை மாற்றி, இயங்கும் வரிசையைத் திருத்தி, அதை 0.65க்குக் கொண்டுவந்தது. சராசரிச் சுமை 400 டன் என்றால் மிச்சம் 80 கிலோவாட். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று போட்டால் 2,88,000 யூனிட் மின்சாரம். இப்போது படிப்பவருக்கு வேலையின் அளவு தெரிகிறது, கணக்கைச் சரிபார்க்கவும் முடிகிறது.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு. சாதனையோடு நின்றுபோன அறிக்கையைப் படிப்பவருக்கு, "இவ்வளவு தெரிந்தவர் ஏன் படிக்க வருகிறார்?" என்ற சந்தேகம்தான் வரும். அடுத்த வரிதான் முக்கியம்: "எட்டு மாதத்தில் அந்த எண் மெல்ல 0.72க்கு ஏறியது. கருவிகளில் பழுது இல்லை. கட்டடத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த நாள்களில் கட்டுப்பாட்டு அமைப்பு ஏன் தவறாக முடிவெடுக்கிறது என்பதை எங்களால் ஊகிக்க முடிந்ததே தவிர, நிரூபிக்க முடியவில்லை. அதற்கு வேண்டிய மாதிரியாக்கமும் புள்ளியியலும் என்னிடம் இல்லை."

பட்டம் முடித்த கையோடு வரும் 23 வயதுக்காரருக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை. அந்தக் கட்டடத்தோடு எட்டு மாதம் இருந்து பார்த்தவருக்குத்தான் எழும். வயதைப் பலமாகக் காட்டுவது என்றால் இதுதான்: வேலையில் இருந்ததால் மட்டுமே கிடைத்த ஒரு கேள்வியை, விடை தெரியாத நிலையிலேயே நேர்மையாக முன்வைப்பது. "ஏன் இப்போது" என்பதற்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வயது என்ற சொல்லே அறிக்கையில் வரத் தேவையில்லை.

சிங்கப்பூரில் மேலாளர் பதவிக்கு வந்தவர்களுக்கு இப்படி எழுதக் கை வராது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களில் தோல்வியையும் வெற்றியாக மாற்றி எழுதிப் பழகிய கை அது. பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும்.

800 சொல் வரம்பு என்றால் அந்த ஒரு வேலைக்கும் அதிலிருந்து எழுந்த கேள்விக்கும் 350 சொற்கள் கொடுக்கலாம். அந்தப் பாடத்திட்டத்தில் எந்தப் பாடம் கேள்வியின் எந்தப் பகுதிக்கு உதவும் என்பதற்கு 200. படிப்புக்குத் தயாராக இருப்பதைக் காட்ட 100. மீதி, படித்து முடித்தபின் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு. நடுவில் உள்ள 200 சொற்களைப் பலர் பல்கலைக்கழகத்தின் புகழ்பாடிக் கழித்துவிடுகிறார்கள். அவர்களுடைய தரவரிசை அவர்களுக்குத் தெரியும்.

பழைய மதிப்பெண்ணை மறைப்பது

பிரிட்டனில் பல முதுகலைப் படிப்புகள் இரண்டாம் வகுப்பின் மேல்நிலையைக் கேட்கும். நம் மாதிரிக்காரருக்கு அது இல்லை. அனுபவம் அதை ஈடுகட்டிவிடும் என்று நினைத்து வாய் திறக்காமல் இருப்பது ஒரு தவறு. அரைப் பக்கத்துக்குக் குடும்பச் சூழ்நிலையை விவரிப்பது அடுத்த தவறு. பகுதிநேரமாகப் படித்தது, அப்போது முழுநேர வேலையில் இருந்தது, இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் புதிய சான்றுக்குப் போய்விட வேண்டும்.

புதிய சான்று என்றால் தேர்வு வைத்து மதிப்பெண் போட்ட ஏதாவது ஒன்று. இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து வந்ததற்கான சான்றிதழ்கள் பத்து இருந்தாலும் இங்கே அவை எடை கூட்டாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் வேலை பார்ப்பவர்களுக்காகத் தனிப் பாடங்களாக நடத்தும் வகுப்புகளில், புள்ளியியல் போன்று கணக்கு உள்ள ஒன்றை விண்ணப்பத்துக்கு முந்தைய ஆண்டே முடித்து மதிப்பெண் பட்டியலை இணைக்கலாம். நன்றாகச் செய்திருந்தால் பத்தாண்டுக்கு முந்தைய மதிப்பெண்ணை விட இதுதான் பேசும். வகுப்பு குறைந்தவர்களை அனுபவத்தின் பேரில் பரிசீலிப்பார்களா என்பதை அந்தத் துறையின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் கண்டிப்பாக முடியாது. அங்கே விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிப் பயனில்லை.

சிவியும் பரிந்துரைக் கடிதமும்

சிவியில் வயதை மறைக்கிறேன் என்று பட்டம் பெற்ற ஆண்டை எடுத்துவிடுபவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் அந்த ஆண்டு அச்சாகியிருக்கும், அதனால் மறைத்தது மட்டும்தான் தெரியவரும். எதிர்த்திசையில், வேலைக்கு அனுப்பும் நான்கு பக்க சிவியை அப்படியே அனுப்புவதும் நடக்கிறது. இரண்டு பக்கம் போதும். முதல் பத்தாண்டு வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, படிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வேலைக்கு ஐந்தாறு வரி. தேசிய சேவைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரைத் தெரியாதவருக்கு அது விளக்கமில்லாத இரண்டாண்டு இடைவெளியாகத் தெரியும். "கட்டாய முழுநேர தேசிய சேவை" என்று ஆண்டுகளோடு ஒரு வரி எழுதினால் முடிந்தது.

பரிந்துரைக்கு எவ்வளவு பெரிய பதவியோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் பார்க்கும் இயக்குநரிடம் போவார்கள். அவர் எழுதும் கடிதத்தில் "கடின உழைப்பாளி" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. சில்லர் எண் 0.72க்கு ஏறியபோது கூடவே உட்கார்ந்து தரவைப் பார்த்த நேரடி மேலாளர்தான் சரியான ஆள். அவரிடம் "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நோக்க அறிக்கையின் வரைவு, பாடத்திட்டம், அவர் குறிப்பிட வேண்டிய இரண்டு சம்பவங்கள், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவர் அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்புவதுதான் பாதுகாப்பு. தனிப்பட்ட முகவரியிலிருந்து வருவதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. பட்டம் முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு பேராசிரியர் கடிதத்துக்குப் பதில் வேலையிடக் கடிதம் போதும் என்று பல இடங்களில் விதி உண்டு. கட்டாயம் பேராசிரியர்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன அந்தப் புதிய பாடத்தை நடத்தியவரைக் கேட்கலாம்.

வயதுக்கென்றே உள்ள விதிகளைப் பார்க்காமல் விடுவது

விண்ணப்பம் என்னதான் நன்றாக இருந்தாலும் இதில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் படித்து முடித்தபின் தங்கி வேலை பார்ப்பதற்கான 485 விசாவின் வயது வரம்பு, 2024 ஜூலை 1 முதல் 50இலிருந்து 35ஆகக் குறைந்துவிட்டது. ஆய்வு வழி முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும் 50 தொடர்கிறது. ஆகவே 38 வயதில் பாடவழி முதுகலைக்குப் போகிறவர், "முடித்தபின் அங்கே இரண்டாண்டு அனுபவம் பெறுவேன்" என்று எழுதினால், விதியைப் படிக்கவில்லை என்று அவரே எழுதிக்கொடுத்த மாதிரி.

2024 மார்ச் 23 முதல் ஆஸ்திரேலிய மாணவர் விசாப் படிவத்தில் உண்மையான மாணவரா என்பதை அறியத் தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 150 சொற்கள். குடும்பம், வேலை, பொருளாதார நிலை பற்றியும், இந்தப் படிப்பால் என்ன பயன் என்பது பற்றியும் கேட்பார்கள். நாற்பதை நெருங்குபவருக்கு இங்கே கை ஓங்கியிருக்கிறது: வீவக வீடு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வதாக முதலாளி கொடுத்த கடிதம், இப்போதைய சம்பளம், படிப்புக்குப்பின் எதிர்பார்க்கும் பொறுப்பு. பொதுவான வாக்கியங்களால் நிரப்பாமல் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இணைக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய நோக்க அறிக்கையும் இதுவும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் சிக்கல் வேறு. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய பாடவழி முதுகலைப் படிப்புகளுக்குப் போகும் மாணவர்கள் பொதுவாகத் துணைவரையும் பிள்ளைகளையும் சார்ந்தோர் விசாவில் அழைத்துப்போக முடியாது. ஆய்வு வழிப் படிப்புகளுக்கும், அரசு உதவித்தொகை பெறும் சிலருக்கும் மட்டும் விலக்கு. ஓராண்டு பிரிந்திருப்பதா என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தைத் தேடுவதுதான் சரியான வரிசை.

புறப்படும் முன் இங்கே முடிக்க வேண்டியதும் உண்டு. போர்க்காலப் படைக் கடமை இன்னும் முடியாதவர்கள் ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால் நிரந்தரவாசத்தையே இழக்க நேரிடலாம். படிப்பின் நடுவில் காலாவதியாகும் என்றால், சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததுமே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.