வார்டுக்குக் கொண்டுபோகும் பரிசில் நான் சொதப்பியது

குழந்தைகள் வார்டில் வாரத்துக்கு இரண்டு நாள் விளையாட்டுத் துணையாகப் போகிறேன். போன வாரம் ஒரு பையனின் சித்தப்பா பெரிய பெட்டியோடு உள்ளே வந்தார். எனக்கு என் பழைய தவறு ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சு பொம்மையும் பூங்கொத்தும் வேண்டாம் என்று பலருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பல துண்டுகள் உள்ள செட்

நண்பரின் 7 வயது மகன் ஐந்து வாரம் படுக்கையில் இருந்தான். 200 துண்டுகள் கொண்ட கட்டுமானக் கட்டைகளை வாங்கிப் போனேன். 'பிளாஸ்டிக்தானே, துடைத்தால் போயிற்று' என்று நினைத்தேன்.

அவன் இடது கையில் டிரிப்ஸ் ஊசி. மணிக்கட்டு மடங்காமல் இருக்கச் சின்னப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒட்டிய கட்டைகளைப் பிரிக்க இரண்டு கை வேண்டுமே! அவன் பல்லால் கடித்துப் பிரித்தான். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் எல்லாம் சரிந்து போர்வைக்குள் போயின, பாதி தரையில் விழுந்தன. தரையில் விழுந்ததைக் கழுவாமல் படுக்கைக்கு எடுக்கக் கூடாது. கட்டையின் அடிப்பக்கக் குழிக்குள் துடைக்கும் துணி போகாது. அவன் அம்மா இரவில் உட்கார்ந்து சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினார். மறுநாள் காலையிலும் குழிகளில் ஈரம் காயவில்லை. மூன்றாம் நாள் பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது. பணம் போனதைவிட, அந்த அம்மாவின் தூக்கத்தை நான் கெடுத்ததுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது வாங்கியதும் வீட்டிலேயே சோதித்துவிடுகிறேன். தலையணையில் சாய்ந்துகொண்டு, ஒரு கையை மடியில் வைத்தபடி, மறு கையால் மட்டும் விளையாடிப் பார்க்கிறேன். அப்புறம் அதைத் தரையில் போடுகிறேன். கழுவ எத்தனை பொருள் விழுகிறது? ஒன்றுதான் என்றால் சரி. குமிழ்களை அழுத்தி விளையாடும் சிலிக்கான் தட்டு இதில் தேறிவிடும்: ஒரே துண்டு, எடை இல்லை, ஒரு கை போதும், சோப்புப் போட்டுக் கழுவலாம்.

ஸ்பிரிட்டை நம்புவது

பொம்மையை ஸ்பிரிட் துணியால் துடைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். சிலவகை வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகள் ஸ்பிரிட்டுக்குச் சாகாது, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத்தான் கழுவிப் போக்க வேண்டும். அதனால் தண்ணீரில் முக்க முடியாத, பேட்டரி உள்ள பொருளை நான் தவிர்க்கிறேன். ஸ்பிரிட் துணியில் சில அச்சுப் படங்கள் அழிந்துவிடும் என்பதும் உண்டு.

காந்தம்

மூளைநீரை வடிக்கும் ஷண்ட் குழாய் வைத்த குழந்தை என்றால், மருத்துவரைக் கேட்காமல் காந்தப் பொம்மை வேண்டாம். சில ஷண்ட் வால்வுகளில் நீர் வடிய வைத்திருக்கும் அளவை அருகில் வரும் காந்தம் மாற்றிவிடும்.

ரப்பர் பலூன்

அதிலுள்ள லேடெக்ஸ் ரப்பர் சில குழந்தைகளுக்கு ஒவ்வாது. வேண்டாம்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொடுப்பது

கட்டில் பக்கத்து அலமாரி சின்னது. ஐந்து வாரம் என்றால் வாரம் ஒரு சின்னப் பொருள், அதுவும் பழையதை வீட்டுக்கு எடுத்துப்போன பிறகு.